டவரில் வழுக்கிய கால்

ஒரு 40 மீட்டர் செல்போன் டவர். ஆன்டெனாவைத் திருப்பி முடித்த டெக்னீஷியன் இறங்கத் தொடங்குகிறார். ஏறும் போல்ட்டில் கால் வழுக்குகிறது. அரை நொடிக்குச் சற்று மேல்தான். முதுகுப்பக்க வளையம் இழுத்துப் பிடிக்க, அந்தரத்தில் தொங்குகிறார். சற்றுக் கீழே இருந்த சக ஊழியர் நெருங்கிவந்து அவரைப் பிடித்து நிறுத்துகிறார். உடம்பில் காயமில்லை.

இது கற்பனை நிகழ்வுதான். ஆனால் இப்படி நடந்தால் எழுதப்படும் அறிக்கை பெரும்பாலும் 'பெல்ட் காப்பாற்றியது' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அதில் உருப்படியான தகவல் எதுவும் இல்லை.

முதலில் எழுத வேண்டியது, கொக்கி எங்கே மாட்டப்பட்டிருந்தது என்பதை. கயிறு 1.8 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். முதுகு வளையத்தின் உயரத்திலேயே மாட்டியிருந்தால், கயிறு இறுகுவதற்குள் 1.8 மீட்டர் விழுவார். அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். காலடியில் மாட்டியிருந்தால் விழும் தூரம் 3 மீட்டரைத் தாண்டிவிடும். அதே ஆள், அதே கயிறு, ஆனால் அடி வேறு.

அந்த அடியைத் தாங்குவது ஷாக் அப்சார்பர். மடித்துத் தைத்த நாடாதான் அது. இழுவை கூடினால் தையல் வரிசையாகக் கிழிந்து நீளும். ஐரோப்பியத் தரவிதிப்படி, உடம்பில் விழும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதை டேப் வைத்து அளந்து, படமெடுத்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். 100 கிலோ ஆள் 1.8 மீட்டர் விழுந்தால் அரை மீட்டருக்கு மேல் கிழிவது இயல்பு. அதைவிட மிகக் குறைவாகவே கிழிந்திருந்தால் சந்தேகப்படலாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வம்பு இருக்கிறது. இரட்டைக் கொக்கிக் கயிற்றில் ஒரு கொக்கி டவரைப் பிடித்திருக்க, சும்மா தொங்கும் மற்றொன்றை இடுப்பு வளையத்தில் மாட்டிவிடுவார்கள். வசதிதான். விழும்போது அந்தக் கால் கயிறே நேராக இறுகிவிட, அப்சார்பர் நீளாமல் முழு அடியும் உடம்புக்கு வரும். அதனால்தான் சும்மா இருக்கும் கொக்கிக்கு, இழுத்தால் கழன்றுவிடும் தனிப் பட்டை சில ஹார்னஸ்களில் மார்புப்பக்கம் இருக்கிறது. இரண்டாவது கொக்கி எங்கே இருந்தது என்று கேட்காத விசாரணை அரைகுறைதான்.

கயிறு, அப்சார்பரின் நீட்சி, ஆளின் உயரம், ஒரு மீட்டர் கூடுதல் இடைவெளி ஆகியவற்றைக் கூட்டினால் கொக்கிக்குக் கீழே ஏறத்தாழ 5 மீட்டர் வெற்றிடம் வேண்டும். டவரில் 3 மீட்டருக்குள் இன்னொரு ஆன்டெனாக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், கயிறு அறுபடாமலே அடிபடும்.

தொங்கிய நேரத்தையும் குறிக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். சில நிமிடங்களில் மீட்டாக வேண்டும்.

கடைசியாக, ஹார்னஸ், கயிறு, கொக்கி மூன்றின் வரிசை எண்களையும் தயாரிப்புத் தேதியையும் அறிக்கையில் எழுதி, சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிட வேண்டும். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அவற்றை மறுபடி மேலே கொண்டுபோகக் கூடாது. வழுக்கிய அந்த போல்ட்டையும் விட்டுவிடக்கூடாது: அது தளர்ந்திருந்ததா, எண்ணெய் படிந்திருந்ததா என்று அடுத்த ஆள் ஏறுவதற்கு முன் பார்த்தாக வேண்டும்.