ஒரே ரத்தச் சோதனையில் பிடிபடாத எலிக்காய்ச்சல்

மழை ஓய்ந்து தெருவில் தேங்கிய தண்ணீர் வடியத் தொடங்கும் நாட்களில், கால்நடை மருத்துவமனைக்குச் சில நாய்கள் ஒரே மாதிரியான தொல்லையோடு வரும். சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். படி ஏறாது. இடுப்பைத் தொட்டால் எப்போதும் சாதுவாக இருக்கும் நாய்கூட உறுமும். கூட்டிவந்தவர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "நேத்து எலும்பு போட்டோம் டாக்டர், அதான் வாந்தி எடுக்குது போல."

எலும்பாகவும் இருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் மருத்துவர் மனதில் முதலில் ஓடுவது லெப்டோஸ்பைரோசிஸ். மனிதர்களுக்கு வந்தால் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதே நோய்தான். எலியின் சிறுநீரோடு வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவ நுண்கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். நாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலோ, காலில் சிராய்ப்போடு அதில் நடந்தாலோ போதும். உள்ளே போன கிருமி முதலில் ரத்தத்தில் பெருகும். பிறகு சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்த் தங்கும். அங்கிருந்துதான் அது நாயின் சிறுநீரில் இறங்குகிறது. வீட்டு மனிதர்களுக்கு ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்த நாயின் கதையும் அல்ல. இந்த நோயில் வழக்கமாகக் காண்பதைச் சேர்த்துச் சொல்லும் உதாரணம். நான்கு வயது லாப்ரடார், 28 கிலோ எடை, ஏரிக்கரையை ஒட்டிய புறநகர் வீடு. பத்து மாதத்துக்கு முன்பு தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். காய்ச்சலும் வாந்தியும் தொடங்கி நான்காம் நாள் மருத்துவமனைக்கு வருகிறது. முதல் இரண்டு நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்த நாய், இன்று காலையிலிருந்து ஒரு முறைதான் போயிருக்கிறது.

இந்தக் கடைசித் தகவலைத்தான் நல்ல மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பார். சிறுநீரகக் குழாய்கள் வீங்கிக் கெடும்போது நீரைத் திரும்ப உறிஞ்சும் வேலை முதலில் போய்விடும். உடம்பு வறண்டுகிடக்கும் நேரத்திலும் சிறுநீர் தண்ணீராக, அடர்த்தியில்லாமல் போகும். சேதம் முற்றினால் சிறுநீர் உற்பத்தியே குறைந்துவிடும். நம் லாப்ரடாரின் ரத்தத்தில் கிரியாட்டினின் 4.8 மில்லிகிராம், நாய்களுக்கு ஏறத்தாழ 1.5-க்குள் இருக்க வேண்டும். இன்னொரு துப்பும் கிடைக்கிறது: ரத்தச் சர்க்கரை சரியான அளவில் இருக்கிறது, ஆனால் சிறுநீரில் சர்க்கரை தெரிகிறது. அப்படியானால் இது நீரிழிவு இல்லை. வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய குழாய்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஈரலின் அறிகுறி கண்ணுக்குத் தெரிய இன்னும் ஓரிரு நாள் ஆகும். ஈறிலும், கண்ணின் வெள்ளையிலும், காது மடலின் உட்புறத்திலும் மஞ்சள் படரும். ரத்தத்தில் பிலிருபின் ஏறும். ஈரல் நொதிகளில் ஏ.எல்.டி.யைவிட ஏ.எல்.பி. கூடுதலாக உயர்வது வழக்கம். பித்தம் வடியும் வழி கெட்டிருப்பதை அது காட்டுகிறது. ஆனால் மஞ்சள் தெரிந்தால்தான் எலிக்காய்ச்சல் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீரகம் மட்டும் கெட்டு, கடைசிவரை மஞ்சளே காட்டாத நாய்கள் நிறைய. மஞ்சளைப் பார்த்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த இரண்டு நாளில் போவது சிறுநீரகம்.

குழப்பம் இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் நாய்களுக்கு உண்ணி கடித்து வரும் ரத்தக் காய்ச்சல்களிலும் தட்டணுக்கள் குறையும், மஞ்சள் வரும், காய்ச்சல் அடிக்கும். எலிக்காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறைகின்றன. போதாததற்கு, உண்ணிக் காய்ச்சல்களில் ஒன்றான எர்லிக்கியோசிஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கொடுப்பது ஒரே மருந்து, டாக்ஸிசைக்ளின். ஆகவே "மருந்துக்குக் கேட்டுது, அப்ப எலிக்காய்ச்சல்தான்" என்ற முடிவு செல்லாது. சோதனைதான் சொல்ல வேண்டும். சோதனையோ முதல் நாளே சொல்லிவிடாது.

இந்த நோய்க்கு நெடுங்காலமாக அளவுகோலாக இருப்பது எம்.ஏ.டி. எனப்படும் திரட்சிச் சோதனை. நாயின் ரத்தச் சீரத்தை உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு கலந்து, இருள்புல நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சீரத்தில் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தால் நெளிந்துகொண்டிருக்கும் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சீரத்தை 100 மடங்கு, 200 மடங்கு, 400 மடங்கு என்று இரட்டித்து நீர்த்துக்கொண்டே போவார்கள். பாதிக் கிருமிகளாவது ஒட்டிக்கொள்ளும் கடைசி நீர்ப்புதான் டைட்டர். 1:800 என்றால், 800 மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்பு தெரிகிறது என்று பொருள். உயிருள்ள கிருமிகளை வகைவகையாக வளர்த்துவர வேண்டியிருப்பதால் இதை எல்லா லேபிலும் செய்ய முடியாது. சென்னை மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் போன்ற சில இடங்களில்தான் செய்கிறார்கள்.

நம் லாப்ரடாருக்கு நான்காம் நாள் எடுத்த சீரத்தில் எந்த வகைக்கும் 1:100 கூட இல்லை. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரும். வீட்டுக்காரர் நிம்மதியாகி மருந்தை நிறுத்திவிடுவதும், சில நேரம் மருத்துவரே வேறு நோயைத் தேடப் போய்விடுவதும் இந்த இடத்தில்தான். அந்தச் சொல்லுக்கு நோய் இல்லை என்று பொருள் இல்லை. உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்ய ஒரு வாரமாவது வேண்டும். நான்காம் நாளில் அது இன்னும் தயாராகவில்லை. கிருமி ரத்தத்தில் இருப்பது இந்த நாட்களில்தான் என்பதால், கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனை இப்போது உதவும். அதற்கு ரத்தத்தையும் சிறுநீரையும் மருந்தின் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அதிலும் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று கணக்கை மூடிவிட முடியாது.

ஆக, முதல் சீரத்தில் கொஞ்சம் உறைய வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டு வாரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே லேபில், முடிந்தால் ஒரே நாளில் சோதிப்பது நல்லது. நம் லாப்ரடாருக்கு இரண்டாவது மாதிரியில் ஆட்டம்னாலிஸ் வகைக்கு 1:1600, இக்டரோஹெமரேஜியே வகைக்கு 1:400. இரண்டு மாதிரிக்கும் இடையே நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்தால் அது புதிய தொற்று. இங்கே உயர்வு அதையும் தாண்டிவிட்டது. ஏன் நான்கு மடங்கு? ஒரே சீரத்தை இரண்டு முறை சோதித்தாலே ஒரு படி முன்னே பின்னே வரலாம். 200 என்பது 400 ஆவதைச் சோதனையின் தடுமாற்றமாகவே எடுத்துக்கொள்ள முடியும். 800 ஆனால் அப்படித் தள்ளிவிட முடியாது.

அடுத்த தெரு நாய்க்குப் போன மாதம்தான் தடுப்பூசி போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் வாந்தி, சோதித்தால் 1:800. இரண்டு வாரம் கழித்தும் அதே 1:800. இங்கே எண் ஏறவே இல்லை. அந்த எதிர்ப்பு தடுப்பூசியால் வந்ததாக இருக்கலாம், எப்போதோ வந்துபோன தொற்றாலும் இருக்கலாம். இப்போதைய வாந்திக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நோயை உறுதி செய்வதை நான் ஏற்பதில்லை. எந்த வகைக்கு டைட்டர் அதிகமோ அந்த வகைதான் தாக்கியது என்று சொல்வதும் அவசரம்தான். ஒரு வகைக்கு உண்டான புரதம் இன்னொரு வகையோடும் ஒட்டும். தொடக்க நாட்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

தடுப்பூசி போட்டும் எப்படி வந்தது என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. தடுப்பூசி தன்னுள் இருக்கும் வகைகளையும் அவற்றின் நெருங்கிய உறவுகளையும்தான் முக்கியமாகத் தடுக்கும். பல ஊசிகளில் கேனிக்கோலா, இக்டரோஹெமரேஜியே இரண்டு மட்டும்தான். அதற்காக ஊசியே வேண்டாம் என்றாகிவிடாது. வருடம் தவறாமல் போடுங்கள். எந்தெந்த வகைக்கு என்று மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

இரண்டாவது ரிப்போர்ட் வருவதற்குள் நாய் தேறியிருக்கும், அல்லது இறந்திருக்கும். அதனால் சிகிச்சை சந்தேகம் வந்த அன்றே தொடங்குகிறது. வாந்தி நிற்கும்வரை ஆம்பிசிலின் போன்ற ஊசி, பிறகு இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின். ஊசி ரத்தத்தில் உள்ள கிருமியை அடக்கும். சிறுநீரகத்தில் ஒளிந்திருப்பதை ஒழிக்க டாக்ஸிசைக்ளின் முழுக் கணக்கும் உள்ளே போக வேண்டும். டிரிப்ஸ் ஏற்றும்போது வடிகுழாய் போட்டுச் சிறுநீரை அளப்பார்கள். 28 கிலோ நாய்க்கு மணிக்கு 28 மில்லியாவது வர வேண்டும். வராத நிலையில் டிரிப்ஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இனி வீட்டு ஆட்கள். நாயிடமிருந்து உரிமையாளருக்கு இது தொற்றுவது அடிக்கடி நடப்பதில்லை. மனிதர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலில் பெரும்பங்கு எலியாலும் மாட்டாலும் அசுத்தமான வெள்ளத்தாலும் வருவது. ஆனால் நோயுற்ற நாயின் சிறுநீரைத் துடைப்பவருக்கு அந்தச் சமாதானம் போதாது. வெறுங்கையால் தொடக் கூடாது. முதலில் பழைய பேப்பரைப் போட்டு ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். பிளீச்சை நேராகச் சிறுநீர் மேல் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். குழாயை வேகமாகத் திறந்து அடித்துக் கழுவாதீர்கள்; தெறிக்கும் துளி கண்ணில் பட்டாலே கிருமி உள்ளே போகலாம். நாயை வெயில் விழும் காய்ந்த இடத்தில் சிறுநீர் கழிக்க விடுங்கள்; காய்ந்த இடத்தில் இந்தக் கிருமி பிழைக்காது. மருந்து தொடங்கிச் சில நாளில் சிறுநீரில் கிருமி வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இந்த வேலைக்குப் பக்கத்தில் வர வேண்டாம். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதுவும் அதே தண்ணீரில் நடந்திருக்கும். அதற்கும் மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மனிதர்களுக்கு அறிகுறி வர 2 நாள் முதல் 30 நாள்வரை ஆகலாம். அதற்குள் யாருக்காவது காய்ச்சலோடு தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். நாயின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும்வரை இருக்காமல், "எங்க வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.