இரண்டு எண்ணிக்கை, ஆறு நிலைகள்

a, b என்ற இரண்டே எழுத்துகளால் ஆன ஒரு சரம். ஓர் இயந்திரம் அதை இடமிருந்து வலமாக, ஒவ்வோர் எழுத்தாக, ஒரே ஒரு முறை படிக்கிறது. படித்ததைக் குறித்துவைக்கத் தாள் கிடையாது. திரும்பிப் பார்க்கவும் முடியாது. முடிவில் அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: சரத்தில் a-க்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா, கூடவே b-க்களின் எண்ணிக்கை மூன்றால் மீதியின்றி வகுபடுமா? கணினியியல் மாணவர்கள் தேர்வில் அடிக்கடி பார்க்கும் கணக்கு இது.

இந்த இயந்திரத்துக்கு முடிவுறு தானியங்கி என்று பெயர். அதனிடம் இருப்பது சில நிலைகள் மட்டுமே. ஒவ்வோர் எழுத்தையும் படித்ததும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவும். கடைசியில் எந்த நிலையில் நிற்கிறதோ அதுதான் பதில்.

பலர் நேராகப் படம் வரையத் தொடங்குவார்கள். இரண்டு a வரவேண்டும், பிறகு மூன்று b வரவேண்டும் என்று வட்டங்களை வரிசையாகக் கோப்பார்கள். அந்தப் படம் aabbb என்ற சரத்தைச் சரியாக ஏற்கும். abbab வந்தால் தடுமாறிவிடும். அதிலும் இரண்டு a, மூன்று b உண்டு, ஆனால் கலந்து வருகின்றன. கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது, வரிசையைப் பற்றியது அல்ல. வரைந்த படத்தில் இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: அதே எழுத்துகளை இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பதில் மாறினால் படம் தவறு.

கணக்கை இரண்டாகப் பிரித்துவிட்டால் சிக்கல் விலகுகிறது. முதல் இயந்திரம் a-க்களை மட்டும் கவனிக்கட்டும். இதுவரை எத்தனை a வந்தன என்பது அதற்குத் தேவையில்லை. இரண்டால் வகுத்த மீதி 0-வா 1-ஆ என்பது போதும். ஆகவே இரண்டு நிலைகள். b வந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது இயந்திரம் b-க்களுக்கு. மூன்றால் வகுத்த மீதி 0, 1, 2 என மூன்று நிலைகள். a வந்தால் அது அசையாது.

இனி இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். அதற்கு இரண்டின் நிலைகளையும் ஜோடி சேர்க்கிறோம். முதல் எண் a-யின் மீதி, இரண்டாவது எண் b-யின் மீதி. 2 × 3 = 6 ஜோடிகள். இதுவே பெருக்கல் தானியங்கி.

```
நிலை   a    b
00     10   01
01     11   02
02     12   00
10     00   11
11     01   12
12     02   10
```

தொடக்கம் 00. ஏற்கும் நிலையும் 00 மட்டுமே. abbab-ஐ ஓட்டிப் பார்ப்போம்: 00-இலிருந்து a வந்து 10, b வந்து 11, b வந்து 12, a வந்து 02, கடைசி b வந்து மீண்டும் 00. ஏற்கப்பட்டது. எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் ஏற்கப்படும். பூஜ்யம் இரட்டைப்படை, மூன்றாலும் வகுபடும். தொடக்க நிலையை ஏற்கும் நிலையாகக் குறிக்க மறப்பவர்கள் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ‘இரண்டும் நிறைவேற வேண்டும்’ என்பதை ‘ஏதாவது ஒன்று நிறைவேறினால் போதும்’ என்று மாற்றினாலும் அட்டவணையில் ஒரு கட்டத்தைக்கூடத் தொட வேண்டாம். ஏற்கும் நிலைகளை 00, 01, 02, 10 என்று மாற்றிக் குறித்தால் வேலை முடிந்தது. மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் 1959-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெருக்கல் முறை இருக்கிறது. அந்தக் கட்டுரைக்காக 1976-இல் இருவருக்கும் டூரிங் விருது கிடைத்தது.

ஆறைவிடக் குறைந்த நிலைகளில் முடியாதா? நம் கணக்குக்கு முடியாது. 00-இல் நிற்கும் சரத்தோடும் 01-இல் நிற்கும் சரத்தோடும் bb-யைச் சேர்த்தால் முதலாவது தோற்கும், இரண்டாவது தேறும். ஆகவே அந்த இரண்டு நிலைகளை ஒன்றாக்க முடியாது. எந்த இரண்டு ஜோடியை எடுத்தாலும் இப்படிப் பிரித்துக் காட்டும் ஒரு வால் கிடைக்கும். ஆனால் பெருக்கல் எப்போதும் இவ்வளவு சிக்கனமாக அமையாது. a-க்கள் இரண்டாலும் நான்காலும் வகுபட வேண்டும் என்று கேட்டால் 8 ஜோடிகள் உருவாகும். தொடக்கத்திலிருந்து போய்ச் சேரக்கூடியவை 4 மட்டுமே. நான்கின் மீதி தெரிந்தால் இரண்டின் மீதி தானே தெரிந்துவிடும். எனவே தொடக்க நிலையிலிருந்து வரைந்துகொண்டே போய், எட்டும் ஜோடிகளை மட்டும் எழுதுவது நல்லது.

a-க்களும் b-க்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று கேட்டால் இந்த முறை உதவாது. நூறு நிலை உள்ள இயந்திரத்துக்கு a, aa, aaa என்று நூற்றொரு a வரை கொடுத்தால் இரண்டு சரங்களாவது ஒரே நிலையில் போய் நிற்கும். அந்த இரண்டில் சிறியதற்கு ஈடான b-க்களை இரண்டின் பின்னாலும் சேர்த்தால், இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். ஆனால் ஒன்று சமம், மற்றது சமமில்லை. நூறுக்குப் பதில் நிலைகள் எத்தனை வைத்தாலும் இதே கதிதான்.