‘P = .038’ எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

புறநோயாளர் பிரிவில் எங்களிடம் காட்டப்படும் கைபேசிகளில் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு புகைப்படம் காணப்படுகிறது. மருத்துவ ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வுச் சுருக்கத்தின் படம் அது. அதிலுள்ள P என்ற எழுத்தையும் அதனருகே உள்ள எண்ணையும் யாரோ சிவப்பு வட்டமிட்டிருப்பார்கள். கணையப் புற்றுநோயுள்ள தம் தந்தையை அழைத்து வந்த மகன் ஒருவர் அப்படியொரு படத்தைக் காட்டி, “டாக்டர், இந்த மருந்து பலிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாய்ப்பு உண்டென்று போட்டிருக்கிறதே, அப்பாவுக்கு ஏன் தரவில்லை?” என்று கேட்டார்.

அந்தச் சுருக்கம் 2007-இல் வெளியானது. அறுவைசிகிச்சையால் அகற்ற இயலாத நிலையிலிருந்த 569 கணையப் புற்றுநோயாளிகள் அந்த ஆய்வில் பங்கேற்றனர். அனைவருக்கும் ஜெம்சிடபின் என்னும் மருந்து தரப்பட்டது. அதனுடன் ஒரு பிரிவினருக்கு எர்லோட்டினிப் மாத்திரையும், மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. எர்லோட்டினிப் பெற்றவர்களின் ஆயுட்காலம் ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக நீண்டது என்றும், P = .038 என்றும் சுருக்கம் கூறுகிறது.

0.038 என்பது நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. நூறிலிருந்து நான்கைக் கழித்துத் தொண்ணூற்றாறு என்று மகன் கணக்கிட்டார். இதுவே மிகப் பரவலான தவறு. P மதிப்பு ஓர் அனுமானத்திலிருந்து தொடங்குகிறது: எர்லோட்டினிப் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காத மருந்து என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், தற்செயலாக மட்டுமே இத்தகைய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தென்படும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. P சொல்வது இவ்வளவே. மருந்து பயனுள்ளதாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது வேறொரு கேள்வி.

ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டுகிறோம். ஐந்து முறையும் தலை விழுகிறது. நேர்மையான நாணயத்தில் இவ்வாறு நிகழும் வாய்ப்பு 32-இல் 1, அதாவது நூற்றுக்கு மூன்று. அதனால் அந்த நாணயம் போலியாக இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு என்று கூற இயலுமா? நம் சட்டைப் பையிலிருந்து எடுத்த காசாயின் தற்செயல் என்போம்; வித்தைக்காரர் நீட்டிய காசாயின் ஐயுறுவோம். விழுந்த தலைகள் ஒன்றே. முடிவு மட்டும் மாறுகிறது. அதுபோலவே, ஒரு மருந்தைப் பற்றி முன்பே அறிந்தவற்றோடும் பிற ஆய்வுகளோடும் சேர்த்தே P மதிப்பை எடைபோட வேண்டும்.

இரண்டாவது தவறு ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற சொல்லால் நேர்கிறது. பேச்சு வழக்கில் அதற்குப் ‘பெரிய, முக்கியமான’ என்று பொருள். புள்ளியியலிலோ, P மதிப்பு 0.05 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டுமே பொருள். பயனின் அளவை அதே வரியில் சற்றுத் தள்ளியுள்ள எண்கள்தாம் கூறுகின்றன. நோயாளிகளில் பாதிப்பேர் கடந்த காலஅளவு எர்லோட்டினிப் பிரிவில் 6.24 மாதங்கள், மறு பிரிவில் 5.91 மாதங்கள். வேறுபாடு ஏறத்தாழப் பத்து நாட்கள். ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 23 பேரும் 17 பேரும். சிலருக்குக் கூடுதல் பயன் கிடைத்திருக்கலாம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் இம்மருந்தில் மிகுதி. இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதே நோயின் பரவிய நிலையில், ஃபோல்ஃபிரினாக்ஸ் என்னும் கூட்டு மருந்தைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளியானது. ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களுக்கு 6.8 மாதங்களாக இருந்த அதே அளவு, அதில் 11.1 மாதங்களாக இருந்தது. இதன் P மதிப்பும் எல்லைக்குக் கீழேதான். ஆக, இரண்டுமே ‘சிக்னிஃபிகன்ட்’. ஒன்றில் பத்து நாட்கள், மற்றொன்றில் நான்கு மாதங்களுக்கு மேல். ஆனால் இரண்டாவது சிகிச்சையின் பக்கவிளைவுகள் கடுமையானவை. உடல்நிலை ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்கே அது ஏற்றது.

P மதிப்பு எல்லையைத் தாண்டினால் மருந்து பயனற்றது என்று முடிவுகட்டுவதும் தவறே. குறைவான நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் உண்மையான பயன்கூடப் புலப்படாமல் போகலாம்.

மகனுடனும் தந்தையுடனும் அமர்ந்து இந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். “பத்து நாளுக்காக வயிற்றுப்போக்கோடு கிடக்க வேண்டாம்” என்று தந்தையே கூறினார். வேறொருவர் வேறுவிதமாக முடிவெடுக்கலாம்; அதுவும் சரியானதே.

எனவே படம் எடுக்கும்போது வட்டமிட்ட வரியை மட்டும் எடுக்காமல் சுருக்கம் முழுவதையும் எடுத்து வாருங்கள். எத்தகைய நோயாளிகள் பங்கேற்றனர், வேறுபாடு எத்தனை நாட்கள் அல்லது எத்தனை பேர், பக்கவிளைவுகள் யாவை என்று எங்களிடம் கேளுங்கள். அவற்றின் விடைகள் P என்ற எழுத்துக்கு அருகில் இருப்பதில்லை.