'ஆமாம்' என்றால் எதற்கு ஆமாம்?

லண்டனில் ஒரு மருத்துவமனை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி. தாதி ஆங்கிலத்தில் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் தமிழாக்குகிறார்: "அம்மா, காலமை ஒண்டும் சாப்பிடேல்லையோ?" மூதாட்டி "ஓம்" என்கிறார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் "யெஸ்" என்கிறார். தாதியின் முகம் மாறுகிறது. "என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?" என்று அடுத்த கேள்வி வருகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இரண்டு மொழிகளும் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தும் இப்படி நடக்கக்கூடும். மூதாட்டி சொன்னது சரி. 'ஓம், நீங்கள் சொன்னது சரி, நான் சாப்பிடவில்லை' என்பதே அவருடைய பதில். 'ஓம்' என்பதற்கு அகராதி 'யெஸ்' என்றே சொல்லும் என்பதால் மொழிபெயர்ப்பாளரும் ஒரு வகையில் சரி. ஆனால் எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் தனியாக 'யெஸ்' வந்தால், பலர் அதைச் 'சாப்பிட்டேன்' என்றே எடுத்துக்கொள்வார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் திட உணவுக்கு ஆறு மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதே காரணம். எனவே இந்த ஒரு சொல்லால் சிகிச்சை தள்ளிப்போகலாம். அதைவிட மோசமானது தலைகீழாக நடப்பது: சாப்பிட்டவரைச் சாப்பிடாதவர் என்று எழுதிக்கொள்வது.

எங்கே பிசகுகிறது? ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் பெரும்பாலும் பதிலுக்குள் இருக்கும் வினையைப் பார்த்து வருகின்றன. சாப்பிட்டிருந்தால் 'யெஸ்', சாப்பிடாவிட்டால் 'நோ'. கேள்வி எப்படி அமைந்திருந்தாலும் கவலையில்லை. தமிழில் 'ஆமாம்' கேட்டவரின் கருத்தைப் பார்த்து வருகிறது. நீங்கள் நினைப்பது சரி என்றால் 'ஆமாம்'. கேள்வி நேராக இருக்கும்வரை இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் முடியும். எதிர்மறையாக இருந்தால் எதிர் எதிராகப் பிரியும். பதில் சொல்லும் முறைகளை மொழியியலாளர்கள் மூன்றாகப் பிரிப்பதுண்டு. 1985-இல் ஜெரால்ட் சேடாக்கும் ஆர்னால்ட் ஸ்விக்கியும் அப்படி எழுதினார்கள்: வினையைப் பார்ப்பது, கருத்தைப் பார்ப்பது, கேள்வியில் உள்ள வினையையே திருப்பிச் சொல்வது. தமிழ் கடைசி இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறது. "வந்தாரா?" என்றால் "வந்தார்" என்பதுதானே நம் இயல்பான பதில்?

இதுவரை சொன்னதை வைத்து, "அப்படியானால் எதிர்மறைக் கேள்வி வந்தால் ஆமாம்-இல்லையை மாற்றிப் போட்டுவிட்டால் போதும்" என்று ஒரு சூத்திரம் சொல்லிவிடலாம். புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்குச் சிலர் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். அது பாதி நேரம் கவிழ்த்துவிடும். காரணம், 'இல்லை' என்ற சொல்.

"சாப்பிடலையா?" என்று கேட்கிறோம். ஒருவர் "இல்லை" என்கிறார். சாப்பிட்டாரா, இல்லையா? பெரும்பாலும் சாப்பிடவில்லை என்றே புரிந்துகொள்வோம். 'சாப்பிடவில்லை' என்ற சொல்லின் வால்தான் அந்த 'இல்லை'. கேள்வியில் உள்ள வினையை, அதுவும் அதன் கடைசித் துண்டை மட்டும், அவர் திருப்பிச் சொல்கிறார். ஆனால் அதே 'இல்லை' மறுப்பாகவும் வரும்: "இல்ல இல்ல, சாப்பிட்டேன்." ஆகவே இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்றாலும் "இல்லை" என்றாலும் சாப்பிடவில்லை என்று பொருள்படலாம். "இல்லை" என்று தொடங்கிச் சாப்பிட்டேன் என்றும் முடிக்கலாம். சூத்திரத்தை நம்பி 'இல்லை'யை 'யெஸ்' ஆக்கினால், பட்டினி கிடந்தவர் சாப்பிட்டவர் ஆகிவிடுவார்.

நேரில் பேசும்போது நமக்கு இது பெரிய தொல்லை இல்லை. மறுக்கிறவர் 'இல்லை'யை இரட்டிப்பார், குரலை உயர்த்துவார், அல்லது நேராக "சாப்பிட்டேனே!" என்பார். கடைசியில் ஒட்டும் அந்த 'ஏ' நம் மொழியின் நல்ல கருவி, கேட்டவர் நினைத்தது தவறு என்பதை ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிறது. இதே வேலைக்குப் பிரெஞ்சில் 'சி', ஜெர்மனில் 'டொக்' என்று தனிச் சொற்களே இருக்கின்றன. தொலைபேசி வழியே மொழிபெயர்க்கும்போதுதான் சிக்கல். தலையசைப்பு தெரியாது, குரலின் ஏற்ற இறக்கமும் பாதி தேய்ந்துபோயிருக்கும். அப்போது கையில் கிடைப்பது ஒற்றை 'இல்லை' மட்டுமே.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் வழியில் வேறொரு பள்ளம். மகள் மருத்துவரிடம் கேட்கிறாள்: "அப்பாவுக்கு இனி ஆபத்து ஒண்ணும் இல்லையா டாக்டர்?" அவர் "நோ" என்கிறார். "இல்லை" என்று மொழிபெயர்த்தால் பிழையில்லை, ஆபத்து இல்லை என்றே அவளுக்குக் கேட்கும். ஆனால் இது தற்செயலாகக் கிடைத்த நன்மை. கேள்வியின் முடிவிலும் 'இல்லை' இருந்ததால் பதில் அதோடு ஒட்டிக்கொண்டது. அவளே அடுத்து, "அப்போ அப்பா இனி நடக்க மாட்டாரா?" என்கிறாள். மருத்துவர் மறுபடி "நோ" என்கிறார், நடக்க மாட்டார் என்ற பொருளில். இப்போது "இல்லை" என்று சொன்னால்? கேள்வியில் இருப்பது 'மாட்டார்', ஒட்டிக்கொள்ள 'இல்லை' கிடையாது. ஆகவே "இல்லை, அப்படியெல்லாம் இல்லை, நடப்பார்" என்று அவள் காதில் விழ இடமிருக்கிறது. நல்ல செய்திக்கு ஏங்கி நிற்பவருக்கு அப்படித்தான் விழும். 'முடியாதா', 'தெரியாதா', 'கூடாதா', 'வேண்டாமா' என்று முடியும் எல்லாக் கேள்விகளிலும் இந்த ஆபத்து உண்டு. "நடக்க மாட்டார்" என்று வினையைச் சொல்வது ஒன்றே வழி.

எதிர்மறைபோலத் தோன்றி எதிர்மறை இல்லாத கேள்விகளும் உண்டு. "மாத்திரை போட்டீங்க இல்லையா?" என்பதில் உள்ள 'இல்லையா' எதையும் மறுப்பதில்லை, 'அப்படித்தானே' என்று உறுதி கேட்கிறது. பேச்சில் இது "போட்டீங்கல்ல?" என்று சுருங்கும். "போடலையா?" என்பதற்கும் இதற்கும் காதில் அதிக தூரமில்லை. ஆனால் முன்னதற்கு வரும் 'ஆமாம்' போட்டதைச் சொல்கிறது, பின்னதற்கு வருவது போடாததை. மொழிபெயர்ப்பவர் பதிலைவிடக் கேள்வியைத்தான் கூர்ந்து கேட்கவேண்டியிருக்கிறது.

ஆங்கிலமும் எப்போதும் இவ்வளவு நேராக இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டு வரை நேரான கேள்விக்கு 'யே', 'நே' என்றும், எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ' என்றும் நான்கு சொற்கள் இருந்தன. வில்லியம் டிண்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் 'நே' வரவேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று தாமஸ் மோர் 1532-இல் திட்டி எழுதினார். அந்த விதியை விளக்கும்போது மோரே சொற்களை மாற்றிச் சொல்லிவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

சரி, அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். 'ஓம்' என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'யெஸ்' அல்ல, 'கரெக்ட்' அல்லது 'தட்ஸ் ரைட்' என்பதே நிகர். அவை கேட்டவரின் கருத்தை ஏற்கின்றன, தமிழ் 'ஆமாம்' செய்யும் அதே வேலை. மொழிபெயர்ப்பாளர் தாமாக எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூதாட்டி 'ஓம்' என்பதற்குப் பதில் வெறும் 'இல்லை' என்றிருந்தால் இந்த வசதி கிடையாது. ஊகிக்காமல், "பதில் தெளிவாக இல்லை, மறுபடி கேட்கட்டுமா?" என்று தாதியிடம் அனுமதி வாங்கிக் கேட்பதே முறை. எல்லாவற்றையும்விட நல்லது கேள்வியையே மாற்றுவது: "கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள்?" இதற்கு யாரும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஒவ்வாமை பற்றிய கேள்வி நேராகவே இருக்கிறது: ஒவ்வாமை ஏதாவது உண்டா? 'ஒவ்வாமை எதுவும் இல்லையே?' என்று இல்லை.

நீதிமன்றத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. குறுக்கு விசாரணையில் கேள்வியை எதிர்மறையாக அமைப்பது வழக்கறிஞரின் உரிமை, பல நேரம் அவருடைய ஆயுதமும் அதுதான். மொழிபெயர்ப்பவர் அதை நேராக்கக் கூடாது. தமிழ்நாட்டின் விசாரணை நீதிமன்றங்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. செஷன்ஸ் வழக்குகளில் சாட்சியத்தைக் கேள்வி பதிலாக அல்லாமல், சாட்சியே தொடர்ந்து சொல்வதுபோல எழுதுவதே வழக்கம் என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. நீதிபதி விரும்பினால் கேள்வி பதிலாகவும் பதியலாம். ஆகவே "நீங்க அன்னைக்கு அங்க இல்லைதானே?" என்ற கேள்விக்குச் சாட்சி "இல்ல சார், இருந்தேன்" என்றால், பதிவேட்டில் ஆமாமும் இருக்காது, இல்லையும் இருக்காது. "சம்பவத்தின்போது நான் அங்கு இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று முழு வாக்கியமாக ஏறும்.

இதில் குழப்பத்துக்கு இடமில்லை என்று தோன்றும். அந்த வாக்கியம் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாகும்போது பாருங்கள். 'இல்லை' ஒன்று, 'அல்ல' ஒன்று, இரண்டு மறுப்புகள். இதேபோல நாற்பது வாக்கியங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் களைப்பில் ஒன்றை விட்டால் போதும், சாட்சி சம்பவ இடத்திலிருந்து மறைந்துவிடுவார். சரிபார்க்க எளிய வழி, வாக்கியத்தை உள்ளிருந்து வெளியே பிரிப்பது. முதலில் வழக்கறிஞர் சொன்னது என்ன? சாட்சி அங்கு இல்லை என்பது. சாட்சி அதை ஏற்கிறாரா? இல்லை. அப்படியானால் அவர் அங்கு இருந்ததாகச் சொல்கிறார். ஆங்கில வாக்கியத்தையும் இதேபோல் தனியாகப் பிரித்து, இரண்டு விடைகளும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். தமிழைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தைச் சரிபார்த்தால் விடுபட்ட மறுப்பைக் கண் தானாக நிரப்பிவிடும்.

விசாரணையில் இன்னொரு பழக்கமும் உண்டு: "சுத்தி வளைக்காதீங்க, ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க!" எதிர்மறைக் கேள்விக்குப் பின்னால் இந்த அதட்டல் வந்தால், தமிழ்ச் சாட்சியால் நேர்மையாகக்கூடத் தெளிவான பதில் தர முடியாது. அவர் "இல்லை" என்பார், எந்த இல்லை என்று அவருக்கு மட்டுமே தெரியும். அனுபவம் உள்ள நீதிபதி அந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சாட்சியிடம் தாமே கேட்பார்: "அங்க இருந்தீங்களா?"