முதல் வயலின்: பிருடையைத் திருகிப் பாருங்கள்

தெலுக் பங்லிமா காராங்கில் என் படிவம் ஒன்று மாணவியின் அம்மா, “டீச்சர், சுருதி நிக்கவே மாட்டேங்குது” என்று புது வயலினைக் கொண்டு வந்தார். மலிவாக இணையத்தில் வாங்கியது. பிருடையைக் கழற்றிப் பார்த்தேன். சரியாகப் பொருந்திய பிருடையில், துளைச் சுவர் உரசிய பளபளப்பு இரண்டு இடத்தில் வளையமாகத் தெரியும். இதில் ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்கம் மட்டுமே பிடித்தால் தந்தி இழுக்க இழுக்க வழுக்கத்தான் செய்யும்.

கர்நாடக இசையில் ச-ப-ச-ப என்று பாடுபவரின் சுருதிக்குச் சேர்ப்பதால், பிருடைக்கு வேலை அதிகம். நம் ஊர் ஈரத்தில் மரம் ஊதிப் பிருடை இறுகும். ஏர்கோண்ட் அறையில் சுருங்கி நழுவும். அதனால் கடையிலேயே நான்கையும் திருகி, கையை எடுத்துப் பாருங்கள்; நிற்க வேண்டும்.

விரல் பலகை கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய மரமா என்றும் கேளுங்கள். சாயம் விரல்பட்டுத் தேயும். ஸ்டென்டர் ஸ்டூடன்ட் 2-இல் பலகையும் பிருடையும் கருங்காலி. நான் அதைத்தான் சொல்வேன். அளவுக்கு, பிள்ளை கையை நீட்டி வயலின் தலையை விரல்களால் வளைத்துப் பிடிக்கட்டும். எட்டவில்லையென்றால் சிறியது எடுங்கள். ‘வளர்ந்துடுவா’ என்று பெரியது வாங்காதீர்கள்.

கீபோர்டு என்றால் 61 கட்டை, அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறுவது வேண்டும். யமஹா பிஎஸ்ஆர்-இ373-இல் அது உண்டு, இ273-இல் இல்லை. கமகம் மட்டும் கட்டையில் வராது.

அந்த வயலினுக்கு, பழுது பார்ப்பவரிடம் பிருடையைச் சீவிப் பொருத்தச் சொல்லி அனுப்பினேன்.