குறிப்பேட்டிலிருந்து ஓர் அட்டவணை

மின்வேதியியல் பாடம் நடக்கும் நாள்களில் எங்கள் குறிப்பேடுகள் எண்களால் நிறைந்துவிடும். துத்தநாகத்துக்கு ஓர் எண், செம்புக்கு ஓர் எண், வெள்ளிக்கு ஓர் எண் என்று ஆசிரியை பாடத்தின் போக்கில் சொல்லிக்கொண்டே போவார். நாங்களும் எழுதிக்கொண்டே போவோம். பாடம் முடிந்தபின் பார்த்தால் சில எண்களுக்குமுன் கழித்தல் குறி இருக்கும், சிலவற்றுக்கு இராது. சில சமன்பாடுகளில் எலக்ட்ரான் இடப்பக்கம் நிற்கும், சிலவற்றில் வலப்பக்கம். இந்தக் குவியலை ஒழுங்கான அட்டவணையாக்கி, அதைக்கொண்டு ஒரு மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் குறி தவறாமல் கணக்கிடுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணின் குறி ஏன் குழப்புகிறது என்பதை முதலில் அறிதல் நலம். துத்தநாகம் எலக்ட்ரானை இழந்து அயனியாவதை எழுதினால் அதன் மின்னழுத்தம் +0.76 வோல்ட். அதே வினையைத் திருப்பி, அயனி எலக்ட்ரானைப் பெற்று உலோகமாவதாக எழுதினால் −0.76 வோல்ட். இரண்டும் உண்மையே, எழுதும் திசைதான் வேறு. அமெரிக்க வேதியியலார் லாட்டிமர் 1938-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் முதல் முறையைப் பின்பற்றியது. ஐரோப்பியர் பலர் இரண்டாம் முறையைக் கையாண்டனர். 1953-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம், எலக்ட்ரானைப் பெறும் வினைக்கே, அதாவது ஒடுக்க வினைக்கே, மின்முனை அழுத்தம் என்ற பெயர் உரியது என வகுத்தது. பழைய நூலையும் புதிய நூலையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு ஒரே உலோகம் இரு குறிகளோடு தென்படுவது இதனால்தான்.

ஆகவே அட்டவணையின் முதல் விதி இது: எல்லாச் சமன்பாடுகளையும் ஒடுக்க வினையாகவே எழுத வேண்டும். எலக்ட்ரான் எப்போதும் இடப்பக்கம் இருக்க வேண்டும். குறிப்பேட்டில் Zn → Zn²⁺ + 2e⁻ என்றும் +0.76 என்றும் இருந்தால், சமன்பாட்டைத் திருப்பி Zn²⁺ + 2e⁻ → Zn என்று எழுதி, குறியையும் மாற்றி −0.76 என்று இட வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடலாகாது.

குறிப்பில் குறியே விடுபட்டிருந்தால் என்ன செய்வது? நீர்த்த அமிலத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஹைட்ரஜன் மின்முனையின் அழுத்தம் 0.00 என்று கொள்ளப்பட்டுள்ளது. துத்தநாகத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். எனவே துத்தநாகம் ஹைட்ரஜனுக்குக் கீழே, கழித்தல் குறியுடன் இருக்க வேண்டும். செம்புக் கம்பியை இட்டால் குமிழி எழாது. அது ஹைட்ரஜனுக்கு மேலே, கூட்டல் குறியுடன் இருக்க வேண்டும்.

இனி வரிசைப்படுத்துவோம். மிகப் பெரிய எண் மேலே, மிகச் சிறிய எண் கீழே. கழித்தல் எண்களில் இங்கே கவனம் வேண்டும். −1.66 பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும் −0.76-ஐ விடச் சிறியது. ஆதலால் அது இன்னும் கீழே செல்லும்.

| ஒடுக்க வினை | E° (வோல்ட்) |
|---|---|
| Ag⁺ + e⁻ → Ag | +0.80 |
| Cu²⁺ + 2e⁻ → Cu | +0.34 |
| 2H⁺ + 2e⁻ → H₂ | 0.00 |
| Pb²⁺ + 2e⁻ → Pb | −0.13 |
| Sn²⁺ + 2e⁻ → Sn | −0.14 |
| Fe²⁺ + 2e⁻ → Fe | −0.44 |
| Zn²⁺ + 2e⁻ → Zn | −0.76 |
| Al³⁺ + 3e⁻ → Al | −1.66 |

மேலிருந்து வெள்ளி, செம்பு, ஹைட்ரஜன், காரீயம், வெள்ளீயம், இரும்பு, துத்தநாகம், அலுமினியம் என்று இவ்வரிசை அமைகிறது. இதைப் படிக்கும் முறை எளிது. மேல் வரியின் இடப்பக்கத்து அயனி, கீழ் வரியின் வலப்பக்கத்து உலோகத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். மேலே இருப்பவர் வாங்குவார். கீழே இருப்பவர் கொடுப்பார்.

முதற்கணக்காக டேனியல் மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத் தகடு. செம்பு சல்பேட்டுக் கரைசலில் செம்புத் தகடு. இரண்டையும் இணைக்க ஓர் உப்புப் பாலம். இதற்குரிய வாய்பாடு:

E°(கலம்) = E°(கேத்தோடு) − E°(ஆனோடு)

கேத்தோடு, ஆனோடு என்ற பெயர்களை வேண்டுமென்றே இங்கு வைத்திருக்கிறோம். கேத்தோடை எதிர்மின்முனை என்றும் ஆனோடை நேர்மின்முனை என்றும் தமிழில் படித்திருக்கிறோம். மின்பகுப்பில் அது பொருந்தும். ஆனால் தானே மின்சாரம் தரும் கலத்தில் ஆனோடு எலக்ட்ரானை வெளியே அனுப்புவதால் அதுவே கழித்தல் முனையாகிறது! பெயரை நம்பிக் குறியிட்டால் விடை தலைகீழாகிவிடும். ஆகவே வினையைக்கொண்டே அடையாளம் காண்போம்: ஒடுக்கம் நிகழ்வது கேத்தோடு, ஆக்சிஜனேற்றம் நிகழ்வது ஆனோடு. அட்டவணையில் மேல் வரி கேத்தோடு, கீழ் வரி ஆனோடு.

செம்பு மேலே, துத்தநாகம் கீழே. எனவே 0.34 − (−0.76) = 0.34 + 0.76 = 1.10 வோல்ட்.

இங்கு ஆனோடின் எண்ணையும் ஒடுக்க அழுத்தமாகவே, அட்டவணையில் உள்ளபடியே இட்டோம். வாய்பாட்டில் உள்ள கழித்தல் குறியே வினையைத் திருப்பும் வேலையைச் செய்துவிடுகிறது. துத்தநாகத்தின் குறியை நாமும் ஒருமுறை மாற்றி, வாய்பாட்டின்படியும் கழித்தால், 0.34 − 0.76 = −0.42 என்று வரும். இரட்டைத் திருப்பம் இது. டேனியல் கலமோ உண்மையில் மின்சாரம் தருவது. இயங்கும் கலத்துக்குக் கழித்தல் விடை வராது. இதுவே முதல் குறிச் சோதனை.

இரண்டாம் சோதனையை வோல்ட்மீட்டர் செய்யும். சிவப்புக் கம்பியைச் செம்புத் தகட்டிலும் கறுப்புக் கம்பியைத் துத்தநாகத்திலும் இணைத்தால் முள் சரியான பக்கம் நகரும். மாற்றி இணைத்தால் எதிர்ப்பக்கம் முட்டும். கணக்கில் கேத்தோடு என்று கொண்ட தகடு கூட்டல் முனையாக இருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம்.

அடுத்து செம்பு, வெள்ளிக் கலம். வெள்ளி மேலே, செம்பு கீழே. செம்பு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது. வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கும். ஆகவே சமன்பாடு சமமாக வெள்ளி வினையை 2-ஆல் பெருக்க வேண்டும்:

Cu + 2Ag⁺ → Cu²⁺ + 2Ag

அப்படியானால் 0.80-ஐயும் 2-ஆல் பெருக்க வேண்டுமா? கூடாது. பெருக்கினால் 1.60 − 0.34 = 1.26 என்று பிழையாக வரும். சரியான விடை 0.80 − 0.34 = 0.46 வோல்ட்.

காரணத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியைக்கொண்டு விளக்கலாம். மாடியிலுள்ள தொட்டியிலிருந்து ஒரு குடம் இறக்கினாலும் இரண்டு குடம் இறக்கினாலும் மாடியின் உயரம் மாறுவதில்லை. நீரின் அளவும் அது தரும் ஆற்றலும்தான் இரட்டிக்கின்றன. மின்னழுத்தம் அந்த உயரத்தைப் போன்றது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை குடங்களைப் போன்றது. எண்ணிக்கை சேர வேண்டிய இடம் ஆற்றல் கணக்கு: ΔG° = −nFE° = −2 × 96,500 × 0.46 = −88,780 ஜூல், அதாவது சுமார் −88.8 கிலோஜூல். இங்கும் ஒரு குறிச் சோதனை இருக்கிறது. E° கூட்டல் எனில் ΔG° கழித்தலாகவே இருக்கும். இரண்டும் ஒரே குறியுடன் வந்தால் எங்கோ பிழை உண்டு.

மூன்றாம் கணக்கைத் தோட்டத்திலிருந்து எடுப்போம். திராட்சை, காப்பி முதலிய பயிர்களின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையை, 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்ற கணக்கில் செய்வர். மயில்துத்தம் என்பது செம்பு சல்பேட்டே. இதனை இரும்பு வாளியிலோ துத்தநாகம் பூசிய வாளியிலோ கரைக்கக் கூடாது. மண்பானை, மரத்தொட்டி அல்லது பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. கலவை தயாரானதும், துலக்கிய இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் பிடித்துப் பார்ப்பர். கத்தியில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள்.

அட்டவணையைப் பாருங்கள்! செம்பு மேலே, இரும்பு கீழே. 0.34 − (−0.44) = 0.78 வோல்ட். விடை கூட்டல், ஆகவே இரும்பு கரையும், செம்பு படியும். வாளியில் நடப்பதும் கத்தியில் நடப்பதும் ஒரே வினைதான். போதிய சுண்ணாம்பு சேர்ந்தால் செம்பு, எளிதில் கரையாத சேர்மமாகப் பிணைக்கப்படுகிறது. கத்தியில் படியத் தனிச் செம்பு அயனி மிஞ்சுவதில்லை. இரண்டு கழித்தல் குறிகளில் ஒன்றை விழுங்கிவிட்டு 0.34 − 0.44 = −0.10 என்று எழுதினால், கத்தியில் எதுவும் படியாது என்றாகிவிடும். செந்நிறக் கத்தி அந்த விடையைப் பொய்யாக்கும்.

அட்டவணைக்கு எல்லைகளும் உண்டு. அலுமினியத் துண்டைச் செம்பு சல்பேட்டில் இட்டால் 0.34 − (−1.66) = 2.00 வோல்ட் என்று கணக்கு வருகிறது. இரும்பைவிட விரைவாக வினை நடக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் வெகு நேரம் ஒன்றும் நிகழாதது போலிருக்கும். அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலமே காரணம். சிறிது சமையல் உப்பைச் சேர்த்தால் குளோரைடு அயனி அப்படலத்தைச் சிதைக்க, செம்பு படியத் தொடங்கும். வினை எத்திசையில் செல்லும் என்பதை அட்டவணை சொல்லும். எவ்வளவு விரைவில் என்பதைச் சொல்லாது.

மற்றோர் எல்லை கரைசலின் செறிவு. இந்த எண்கள் 25 டிகிரி செல்சியசிலும், அயனிகள் 1 மோலார் செறிவிலும் இருக்கும் நிலைக்கு உரியவை. இரண்டு எலக்ட்ரான் மாறும் வினையில் செறிவு விகிதம் பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் ஏறக்குறைய 0.03 வோல்ட் மாறும். இரும்பு, செம்பு இடையிலுள்ள 0.78 வோல்ட்டுக்கு இது பொருட்டன்று. ஆனால் காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே உள்ளது 0.01 வோல்ட்தான். காரீய அயனியின் செறிவு வெள்ளீய அயனியினதில் பத்தில் ஒன்றானால் 0.01 − 0.03 = −0.02 வோல்ட், வினையின் திசையே மாறிவிடும். ஆகவே அட்டவணையில் நெருங்கி நிற்கும் இரு வரிகளைக் கண்டால், செறிவைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது.

தேர்வுக்கு முன் தோழியர் ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த எட்டு வரிகளை எழுதிவைத்துக்கொள்ளலாம். கணக்கு முடிந்ததும் மூன்று கேள்விகள்: எலக்ட்ரான் எல்லா வரியிலும் இடப்பக்கம் இருக்கிறதா? மேல் வரியிலிருந்து கீழ் வரியைக் கழித்தோமா? வந்த குறி, கரைசலில் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் விடையின் கீழ்க் கோடிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.