வாசல் வெளிச்சமும் வாட்ஸ்அப் நிறமும்

துணிக்கடையில் ஒரு சேலை பிடித்துவிட்டால், விலை கேட்பதற்கு முன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவது நம் பெண்களின் பழைய வழக்கம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுக்க வந்தவர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. கடைக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. வாசலுக்குப் போனால்தான் நிறம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

கண்டாங்கி பருத்திச் சேலை. பெரிய கட்டங்களும் அகலமான கரையும் அதன் அடையாளம். கடுகு மஞ்சள், அரக்கு, செங்கல் சிவப்பு, கறுப்பு ஆகியவை அதன் மரபான நிறங்கள். கடைக்குள் அந்தக் காலத்துக் குழல் விளக்கில் இவற்றில் முதலில் அடிபடுவது அரக்குதான். ஒரு துணி சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், அதன்மேல் விழும் வெளிச்சத்தில் சிவப்பு இருக்க வேண்டும். பழைய குழல் விளக்கின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதனால் அரக்கு மங்கிக் காப்பிக் கொட்டை நிறத்துக்கு இறங்கிவிடும். குண்டு பல்பில் இதற்கு நேர்மாறு: சிவப்பு தூக்கலாகத் தெரியும், நீலம் செத்துப்போகும். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் ஏறக்குறைய சம அளவில் கலந்திருப்பதால் துணி தன் நிறத்தை மறைக்க முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அன்று அதே சோதனைதான். செட்டிநாட்டு வீட்டின் வளவில் திறந்த முற்றம் உண்டு. முற்றத்தின் ஓரத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் சேலையை விரித்துப் பார்ப்பார்கள். மேலிருந்து வானத்தின் வெளிச்சம் வரும், சுற்றியுள்ள சுண்ணாம்புச் சுவர்கள் அதை நிறம் ஏற்றாமல் திருப்பிவிடும். நிறம் பார்க்க இதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

சாயம் போட்டவர்களுக்கும் இதே ஒழுங்கு இருந்தது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த நூல் ஈரத்தில் கறுத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் சிட்டத்தைக் காயவிட்டுத்தான் பழைய மாதிரி நூலோடு ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர்கள் சேலையின் முந்தானையிலிருந்து இரண்டு இழையை உருவிக்கொண்டு போனார்கள். இந்த எல்லாப் பழக்கங்களிலும் ஒரே விதி உண்டு. இரண்டு பொருளும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில், ஒரே கண் முன் இருக்க வேண்டும். நிறத்தைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் இல்லை, ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள்.

இன்று கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, 2019இல் கிடைத்தது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்கள் கைப்பேசியில் படம் பார்த்து வாங்குகிறார்கள். ‘அக்கா, இது அரக்கா, காப்பிக் கலரா?’ என்று குரல் செய்தி வருகிறது. ‘நேர்ல இன்னும் கொஞ்சம் டார்க்கா இருக்கும்மா’ என்று பதில் போகிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. சேலைக்கும் வாங்குபவருக்கும் நடுவே கேமரா சில முடிவுகளைத் தானாக எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் முடிவு எவ்வளவு வெளிச்சம் என்பது. படம் முழுவதையும் சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல் வரும் என்ற கணக்கில்தான் கேமராவின் அளவுமானி உருவானது. அந்தச் சாம்பல் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்புச் சேலையொன்று 4 அல்லது 5 சதவீதமே திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலை சட்டம் முழுவதையும் நிறைத்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏறக்குறைய நான்கு மடங்கு கூட்டும். கறுப்பு சிமெண்டு நிறமாகிவிடும். கடுகு மஞ்சள் 35 சதவீதம் திருப்பினால், கேமரா அதைப் பாதியாகக் குறைத்துப் பழுப்பேற்றும். இப்போதைய கைப்பேசிகள் காட்சியை ஆராய்ந்து இதைத் திருத்தப் பார்க்கின்றன. ஆனால் ஒரே நிறம் படம் முழுவதும் பரந்து கிடக்கும்போது அவற்றுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரே சேலையின் கறுப்புக் கரையைத் தனியாகவும் மஞ்சள் உடலைத் தனியாகவும் அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் கறுப்பு வெளுத்திருக்கும், இரண்டாவதில் மஞ்சள் மங்கியிருக்கும்.

இரண்டாவது முடிவு ஒயிட் பேலன்ஸ். வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று கேமரா ஊகித்து அதை நீக்கப் பார்க்கிறது. மாலை வெயில் மஞ்சளாகவும் நிழல் வெளிச்சம் நீலமாகவும் இருப்பதால் இந்தத் திருத்தம் தேவைதான். சிக்கல் என்னவென்றால், படத்தில் இருக்கும் மஞ்சள் விளக்கிலிருந்து வந்ததா சேலையிலிருந்து வந்ததா என்று கேமராவுக்குத் தெரியாது. சட்டம் முழுக்கக் கடுகு மஞ்சள் நிறைந்திருந்தால் ‘வெளிச்சம் மஞ்சள்’ என்று முடிவுகட்டி நீலத்தைக் கூட்டும். முழுவதும் திருத்தினால் மஞ்சள் சாம்பலாகிவிடும், ஆகவே பாதி வழியில் நின்றுகொள்ளும். கடுகு மஞ்சள் எலுமிச்சைப் பக்கம் நகர்ந்து நம்மிடம் வரும்.

இதோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. அழகுக்காகப் பலரும் சேலையை ஆத்தங்குடி ஓட்டின்மேல் விரித்துப் படம் எடுக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான அந்தத் தரை தன் நிறத்தைச் சேலையின் மடிப்புகளின் அடிப்பக்கத்தில் ஏற்றுகிறது. வெளிச்சம் விழும் மேற்பக்கம் ஒரு நிறம், மடிப்பின் உள்பக்கம் வேறொரு நிறம். பார்ப்பவருக்குத் துணியே இரண்டு நிறமாக நெய்யப்பட்டது போலத் தெரியும்.

மூன்றாவதாகப் படத்தைச் சுருக்கும் வேலை. அரக்கும் மஞ்சளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கண்டாங்கியில் நான்கு வகைக் கட்டங்கள் உருவாகும். பாவிலும் ஊடையிலும் ஒரே நிறம் சேர்ந்தால் கெட்டி நிறம், வேறு வேறு நிறம் சேர்ந்தால் கலப்பு நிறம். கலப்புக் கட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு அரக்கு இழை, ஒரு மஞ்சள் இழை என்று மாறி மாறித் தெரியும். வாட்ஸ்அப் வழியாகப் போகும் படத்தில் ஒளியின் ஏற்ற இறக்கம் ஓரளவு நுணுக்கமாகக் காக்கப்படுகிறது. நிறம் மட்டும் பொதுவாக நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே வைக்கப்படுகிறது. அதனால் மெல்லிய இழைகளின் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பி, கலப்புக் கட்டம் ஒரு மந்தமான ஆரஞ்சாகத் தெரியும். நெசவாளர் போட்ட இழைக் கணக்கு அங்கே காணாமல் போகிறது.

கடைசி முடிவை எடுப்பது பார்ப்பவரின் திரையும் அறையும். ஒரு கைப்பேசியில் ‘விவிட்’ பயன்முறை இருந்தால் சிவப்பு இன்னும் கொதிக்கும். இன்னொன்றில் இரவில் கண்ணுக்கு இதமாகத் திரை மஞ்சளாகும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நீலம் மங்கும். இணையத்தில் படங்கள் பெரும்பாலும் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளி 1996இல் அன்றைய கணினித் திரைகளுக்காக வகுக்கப்பட்டது. பளிச்சென்ற மயில் கழுத்து நிறத்தின் ஒரு பகுதி அந்த எல்லைக்கு வெளியே விழும். நல்ல திரையானாலும் அந்தக் கோப்பில் இல்லாத நிறத்தைக் காட்ட முடியாது.

இத்தனைக்கும் மேலே, கேமராவின் கண் நம் கண்ணே அல்ல. 2006இல் வெளிவந்த லைக்கா எம்8 கேமராவில் சில கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதாவாக வந்தன. அந்தச் சாயம் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பியது. கேமராவுக்குள் அதைத் தடுக்கும் வடிகட்டி மெலிதாக இருந்ததால் அந்த ஒளி உணரியில் பதிந்துவிட்டது. நிறுவனம் லென்ஸுக்கு முன்னால் மாட்ட வடிகட்டிகள் கொடுத்தது. விலையுயர்ந்த கருவிக்கே இந்த நிலை என்றால், கறுப்புக் கரையில் ஊதாச் சாயல் தெரிவதை வைத்து ‘சாயம் சரியில்லை’ என்று சொல்லிவிட முடியாது.

நிறத்தை வைத்துப் பெரும் பணம் புரளும் இடங்களில் இன்றும் படத்தை நம்புவதில்லை. திருப்பூரில் வாங்குபவரின் ஒப்புதலுக்கு முதலில் போவது ‘லேப் டிப்’. அது சாயமேற்றிய சிறு துணித்துண்டு. பெட்டிக்குள் விளக்குகளை மாற்றி மாற்றி, பகல் ஒளி, கடை விளக்கு, குண்டு பல்பு ஒவ்வொன்றிலும் அதை மூலத் துண்டோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். பகலில் ஒத்துப்போன இரண்டு கறுப்புகள் கடை விளக்கில் ஒன்று பச்சையாகவும் மற்றது செம்மையாகவும் பிரிவது உண்டு. வெவ்வேறு சாயங்களால் அதே நிறத்துக்கு வந்தவை என்பதே காரணம். தோலில் இன்னொரு தொல்லை சேர்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதப்படுத்தப்படும் மெருகேற்றிய தோலில் ஒளி சாய்ந்து விழும் கோணத்தைப் பொறுத்து நிறத்தின் மேல் வெள்ளைப் பளபளப்பு படியும். அதே தோலை ஜன்னலுக்கு எதிரேயும் ஜன்னலுக்கு முதுகு காட்டியும் எடுத்தால் இரண்டு பழுப்பு கிடைக்கும். ஆகவே அங்கும் ஒப்புதல் பெற்ற துண்டே சாட்சி.

நம் சேலைக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். படம் அனுப்புபவரிடம் மூன்றைக் கேட்கலாம். காலை பத்திலிருந்து மாலை மூன்று மணிக்குள், வெயில் நேராக விழாத திறந்த நிழலில், வெள்ளைச் சுவரருகே எடுக்கச் சொல்லுங்கள். சேலை சட்டம் முழுவதையும் அடைக்காமல், பக்கத்தில் சாம்பல் அட்டையோ, இல்லாவிட்டால் சாதாரண வெள்ளைத் துணியோ வைக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் சேலையும் அதே அளவு மஞ்சளேறியிருக்கிறது என்று அறியலாம். மூன்றாவது, நீங்கள் ஏற்கெனவே வாங்கி நன்றாக அறிந்த கண்டாங்கி போலவே இன்னொன்று அந்தக் கடையில் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் கேளுங்கள். ஒரே படத்துக்குள் இருக்கும் இரண்டு நிறங்களின் உறவு பெரும்பாலும் நம்பத்தக்கது. தனி நிறம் அப்படியல்ல.

படத்தால் நன்றாகத் தெரிபவையும் உண்டு: கட்டத்தின் அளவு, கரையின் அகலம், முந்தானையின் கோடுகள். இவற்றுக்கு அதைத் தாராளமாக நம்பலாம். அரக்கும் காப்பியும் பிரிய வேண்டிய இடத்தில், அல்லது ரவிக்கை சேர வேண்டிய இடத்தில், ஒரு விரல் நீள நூலைத் தபால் உறையில் அனுப்பச் சொல்வதே குறைந்த செலவு. திருப்பி அனுப்பும் சேலைக்கான கூரியர் கட்டணத்தைவிடத் தபால்தலை மலிவு.